ரேம் பெட்டியில் 25.6 ஜிபி, அளந்தால் 14: பஸ் பேண்ட்வித் கேள்வி பதில்

மூன்றாம் ஆண்டு மாணவி: உச்ச பேண்ட்வித் கணக்குப் போட சூத்திரம் என்ன சார்? அகலம், கிளாக், டேட்டா ரேட் என்று மூன்று எண் தருகிறார்கள், குழம்புகிறது.

மூன்றையும் பெருக்க வேண்டியதுதான், ஆனால் அகலத்தைப் பைட்டாக மாற்றிக்கொண்டு பெருக்குங்கள். ஒற்றை டிடிஆர்4-3200 ஸ்டிக்கை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் பாதிப் பேர் லேப்டாப்பில் அதுதான் இருக்கிறது. தரவுக் கம்பிகள் 64, அதாவது 8 பைட். பஸ் கிளாக் 1600 மெகாஹெர்ட்ஸ். கிளாக் ஏறும்போது ஒன்று, இறங்கும்போது ஒன்று என ஒரு சுற்றுக்கு 2 தடவை தரவு மாறும்.

```
8 × 1600 × 2 = 25600 MB/s = 25.6 GB/s
```

சில ஸ்டிக்கரில் PC4-25600 என்று போட்டிருப்பார்களே, அது இந்த எண்தான். பெயரில் உள்ள 3200 என்பது 1600-ஐ ஏற்கெனவே 2-ஆல் பெருக்கியது. அதை மறுபடி 2-ஆல் பெருக்காதீர்கள். இதை இன்றைக்கு இன்னும் எத்தனை தடவை சொல்லப்போகிறேனோ.

அதே மாணவி: "ஓவர்ஹெட் 20%" என்று கொடுத்தால் 0.8-ஆல் பெருக்கணுமா, 1.2-ஆல் வகுக்கணுமா? என் தோழிக்கு வேறு விடை வருகிறது.

எதில் 20% என்று கேள்வித்தாள் சொல்லவில்லை என்றால் இருவரும் சரி. பஸ்ஸின் மொத்த நேரத்தில் 20% வீண் என்றால் 25.6 × 0.8 = 20.48. ஒவ்வொரு 100 பைட் தரவுக்கும் மேலே 20 பைட் கூடுதலாகப் போகிறது என்றால் 25.6 ÷ 1.2 = 21.33. பழைய சீரியல் பஸ்களில் 8 பிட் தரவை 10 பிட்டாக அனுப்புவார்கள். கம்பியின் பக்கமிருந்து பார்த்தால் 20% போச்சு, தரவின் பக்கமிருந்து பார்த்தால் 25% கூடுதல். தேர்வில் எதை எடுத்துக்கொண்டீர்கள் என்று ஒரு வரி எழுதிவிட்டுக் கணக்கைப் போடுங்கள். உங்கள் ஆசிரியர் எதை நினைத்தார் என்பதை அவரிடம்தான் கேட்க வேண்டும்.

ஒற்றை ஸ்டிக்: டாஸ்க் மேனேஜரில் 3200 காட்டுகிறது, சிபியு-இசட்டில் 1600 காட்டுகிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?

இல்லை. ஒன்று கிளாக், மற்றது வினாடிக்கு எத்தனை பரிமாற்றம். மேலே பாருங்கள்.

லினக்ஸ் பிரியன்: என்னுடையதும் ஒற்றை டிடிஆர்4-3200தான். ரேம் பேண்ட்வித்தை அளக்கும் STREAM நிரலை, அதாவது stream.c-ஐ, எல்லா த்ரெட்டும் போட்டு ஓட்டினேன். Copy 19,300, Scale 13,800. இரண்டுமே ஒரு அரேயைப் படித்து இன்னொன்றில் எழுதுவதுதானே? ஏன் இவ்வளவு வித்தியாசம்? 25,600-இல் மீதி எங்கே?

இன்றைக்கு வந்ததில் உருப்படியான கேள்வி இது. கொஞ்சம் நீளமாகப் போகும்.

முதலில் கம்பி எப்போதெல்லாம் சும்மா இருக்கிறது என்று பார்ப்போம். ரேமில் உள்ள தரவு கசிந்துகொண்டே இருப்பதால் அவ்வப்போது ரெஃப்ரெஷ் செய்ய வேண்டும். 8 கிகாபிட் சிப் என்றால் சாதாரண வெப்பத்தில் 7.8 மைக்ரோவினாடிக்கு ஒருமுறை 350 நானோவினாடி கதவு சாத்தியிருக்கும். 350-ஐ 7800-ஆல் வகுத்தால் 4.5%. இதிலிருந்து யாரும் தப்ப முடியாது, அதனால் எல்லாக் கணக்கையும் 0.955-ஆல் பெருக்கிவிடுங்கள்.

அதைவிடப் பெரியது திசை மாற்றம். படிக்கவும் எழுதவும் அதே 64 கம்பிதான். ஒரு கேஷ் லைன் 64 பைட், 8 பரிமாற்றம், ஆக 4 கிளாக்கில் முடிந்துவிடும். ஆனால் எழுதி முடித்தபின் படிக்கத் திரும்பினால், சிப் உள்ளுக்குள் எழுதி முடிக்கக் கொஞ்சம் காத்திருந்து, படிக்கும் கட்டளை கொடுத்து, அதன்பின் 22 கிளாக் கழித்துத்தான் முதல் தரவு வரும். நடுவே கம்பி ஏறக்குறைய 26 கிளாக் வெறுமையாகக் கிடக்கும். படிப்பதிலிருந்து எழுதுவதற்கு மாறும்போது இரண்டு மூன்று கிளாக்தான் போகும். போய்வரும் ஒரு சுற்றுக்கு 30 என்று வைத்துக்கொள்கிறேன். ஒன்று படி, ஒன்று எழுது என்று மாறி மாறிச் செய்தால் 8 கிளாக் வேலைக்கு 30 கிளாக் தண்டம். அதனால்தான் மெமரி கண்ட்ரோலர் எழுத வேண்டியதை எல்லாம் சேர்த்து வைத்து ஒரே மூச்சில் எழுதுகிறது.

16 லைன் படித்து 16 லைன் எழுதுகிறது என்று கொள்வோம். இந்த 16 என் ஊகம், உங்கள் கண்ட்ரோலரில் வேறாக இருக்கலாம்.

```
data    = (16 + 16) × 4 = 128 clk
total   = 128 + 30      = 158 clk
25.6 × 128/158 × 0.955  = 19.8 GB/s
```

உங்கள் Copy 19.3. கிட்டத்தட்ட வந்துவிட்டது.

இப்போது Scale. உங்கள் நிரல் ஒன்றைப் படிக்கிறது, ஒன்றை எழுதுகிறது என்றுதான் STREAM எண்ணுகிறது: ஒரு சுற்றுக்கு 16 பைட். ஆனால் ப்ராசசர் ஒரு லைனில் எழுதுவதற்கு முன் அந்த லைனை ரேமிலிருந்து கேஷுக்குக் கொண்டுவரும். முழுசாக அழித்து எழுதப்போகிறோம் என்று அதற்கு முன்கூட்டியே தெரியாது. ஆகவே கம்பியில் போவது 24 பைட்: இரண்டு படிப்பு, ஒரு எழுத்து. 32 லைன் படித்து 16 லைன் எழுதினால் 192 கிளாக் தரவு, 30 கிளாக் வீண்.

```
25.6 × 192/222 × 0.955 = 21.1 GB/s  (wire)
21.1 × 16/24           = 14.1 GB/s  (STREAM)
```

நீங்கள் பார்த்தது 13.8. அதாவது Scale ஓடும்போது கம்பி Copy-ஐவிடச் சுறுசுறுப்பாகத்தான் வேலை செய்கிறது. மூன்றில் ஒரு பங்கு நீங்கள் கேட்காத வேலை, அவ்வளவுதான்.

அப்படியானால் Copy மட்டும் ஏன் தப்பியது? ஜிசிசி அந்த லூப்பைப் பார்த்து memcpy ஆக மாற்றிவிடுகிறது, memcpy பெரிய அளவுக்குக் கேஷைத் தொடாமல் நேராக ரேமுக்கு எழுதும் கட்டளைகளைப் போடுகிறது. நம்பிக்கை இல்லையென்றால் அந்த மாற்றத்தை நிறுத்திவிட்டு ஓட்டுங்கள்:

```
gcc -O3 -fopenmp -fno-tree-loop-distribute-patterns \
    -DSTREAM_ARRAY_SIZE=80000000 stream.c -o stream
```

Copy-யும் 14-க்குப் பக்கத்தில் இறங்க வேண்டும்.

சர்வர் அறைக்காரர்: இத்தனை கணக்கு எதற்கு? உச்சத்தை 0.75-ஆல் பெருக்கு, வேலை முடிந்தது. நாங்கள் எப்போதும் அப்படித்தான் செய்கிறோம்.

வரிசையாகப் படிக்கும் வேலைக்கு உங்கள் 0.75 பழுதில்லை, மேலே உள்ள Copy-க்குக்கூட 19.2 வந்துவிடும். Scale-க்கு அது 0.54. இன்னும் மோசமான ஒன்றைச் சொல்கிறேன். ரேம் சிப்புக்குள் பேங்க் என்று தனித்தனிப் பகுதிகள், ஒவ்வொன்றிலும் பல வரிசைகள். ஒரே பேங்கில் ஒவ்வொரு தடவையும் வேறு வரிசையைத் தொட்டால், பழைய வரிசையை மூடிப் புதியதைத் திறந்து முடிக்க ஒவ்வொன்றுக்கும் சுமார் 46 நானோவினாடி ஆகும். அந்த நேரத்தில் கிடைப்பது 64 பைட். கணக்குப் போட்டால் 1.4 ஜிபி, உச்சத்தில் 5 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். நிஜத்தில் வேலை 16 பேங்கில் சிதறுவதால் இவ்வளவு கெடாது, ஆனால் பெரிய ஹாஷ் டேபிளில் தாறுமாறாகத் தேடும் டேட்டாபேஸுக்கு 0.75 என்று எழுதிக் கொடுத்து மெஷின் வாங்கினால் உங்கள் பாடு.

சர்வர் அறைக்காரர்: சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கம்பியில் 21 போகும்போது 14 என்று காட்டும் STREAM பொய்தானே சொல்கிறது? நீங்களே அதை வைத்துக் கணக்குப் போடுகிறீர்கள்.

பொய் இல்லை. நிரல் கேட்டது 16 பைட், அதற்கு ஆன நேரம் இவ்வளவு. நிரல் எழுதியவருக்கு வேண்டியது அந்த எண்தான்.

லினக்ஸ் பிரியன்: நான் இதை ஓட்டிப் பார்த்தேன்: `perf stat -a -e uncore_imc/data_reads/,uncore_imc/data_writes/`. Scale மட்டும் ஓடும்போது ரீட் ரைட்டைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வருகிறது. நீங்கள் சொன்ன கொடியைப் போட்டதும் Copy 13,900-க்கு வந்துவிட்டது.

அருமை. அந்த இரண்டு மடங்குதான் சாட்சி. மற்றவர்கள் கவனிக்க: இந்தப் பெயர்கள் இண்டெல் டெஸ்க்டாப், லேப்டாப் ப்ராசசர்களுக்கானவை, மற்றவற்றில் வேறு பெயர் இருக்கும்.

சர்வர் அறைக்காரர்: பாருங்கள், கவுண்டரே 21 என்கிறது! அதுதான் எஃபெக்டிவ் பேண்ட்வித். 14 என்பது நிரலின் குறை, பஸ்ஸின் குறை இல்லை.

பஸ் வடிவமைப்பவர் நாற்காலியில் உட்கார்ந்தால் நீங்கள் சொல்வது சரி. எனக்குப் பயனுள்ள தரவு மட்டும்தான் கணக்கு. கேட்காமல் வந்த லைனும் பாக்கெட்டின் தலைப்பும் எனக்கு ஒரே ரகம். இதில் நீங்கள் இறங்கிவர மாட்டீர்கள், நானும் வரப்போவதில்லை. எண்ணைச் சொல்லும்போது எங்கே நின்று அளந்தது என்று சேர்த்துச் சொன்னால் சண்டை இல்லை.

ஊரிலிருந்து: அண்ணே, 100 எம்பி நெட் போட்டிருக்கிறேன், டவுன்லோட் 11-தான் வருகிறது. இதுவும் பஸ் ஓவர்ஹெட்டா?

100 மெகாபிட்டை 8-ஆல் வகுத்தால் 12.5 மெகாபைட். 11 வந்தால் நல்லபடியாகவே இருக்கிறது. மீதியை இணைய இணைப்பு இழையில் கேளுங்கள் தம்பி.

கேமர்: 3200 டிடிஆர் என்றால் டபுள் டேட்டா ரேட், ஆக 8 × 3200 × 2 = 51.2 ஜிபி வரணுமே?

மறுபடி 2-ஆல் பெருக்காதீர்கள். 51.2 வேண்டுமென்றால் இன்னொரு ஸ்டிக் வாங்கி அடுத்த சேனலில் போடுங்கள், அகலம் 128 பிட் ஆகும்.

புது எஸ்எஸ்டி: ஜென்3 x4 என்விஎம்இ வாங்கினேன். 3,500 என்று போட்டிருக்கிறது, 1,750-தான் வருகிறது. ஓவர்ஹெட் பாதியைத் தின்னுமா?

தின்னாது. ஒரு லேனுக்கு வினாடிக்கு 8 கிகாபிட், 4 லேனுக்கு 32. ஒவ்வொரு 130 பிட்டிலும் 128-தான் தரவு, ஆக 31.5 கிகாபிட், அதாவது 3.94 ஜிபி. ஒரு பாக்கெட்டில் 256 பைட் தரவு என்றால் தலைப்பு, சரிபார்ப்பு எல்லாம் சேர்த்து 24 பைட் மேலே போகும்: 3.94 × 256/280 = 3.6. பெட்டியில் 3,500 என்று போடுவதற்கு இதுதான் காரணம். சில மெஷினில் பாக்கெட் 128 பைட்டாக இருக்கும், அப்போது 3.3.

உங்களுக்கு வருவது இதில் சரிபாதி, அதனால் என் சந்தேகம் லேன் மேல். `sudo lspci -vv` போட்டு எஸ்எஸ்டிக்குக் கீழே LnkSta வரியைப் பாருங்கள். Width x2 என்று இருந்தால் அந்த ஸ்லாட்டில் இரண்டு லேன்தான் ஓடுகிறது, உச்சம் 1.8. மதர்போர்டு கையேட்டில் வேறு எம்.2 ஸ்லாட்டுக்கு x4 போட்டிருந்தால் அதில் மாற்றுங்கள். Width x4, ஆனால் Speed 5GT/s என்று இருந்தாலும் இதே அளவுதான் வரும், அப்போது பயாஸில் ஜென்2-க்குப் பூட்டி வைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொரு கேமர்: 3600 ரேம் என்றால் 3600 × 2 தானே?

இல்லை.