மூண்டு அசைன்மென்ட்டும் ஒரு பிரிட்ஜ் கதவும்

"அண்ணை, யாழ்ப்பாணத்திலயிருந்து டொரண்டோ வந்து ரெண்டு மாசம். வாற கிழமை வெள்ளி இரவுக்குள்ள ஒரு பெரிய ரிப்போர்ட், குரூப் பிரசன்டேஷன், லாப் ரிப்போர்ட், ஒரு டெஸ்ட். அதோட கிழமைக்கு 24 மணித்தியால வேலை. எப்பிடிச் சமாளிக்கிறது? நல்ல ஆப் ஏதும் இருக்கோ? குளிர் ஜாக்கெட் எங்க வாங்கிறது?"

தம்பி, ஜாக்கெட் எங்க வாங்கினாலும் ஒண்டுதான், முதல் நல்ல பூட்ஸ் வாங்கும். ஆப்பை விடும், செய்யவேண்டிய வேலையெல்லாம் பாத்ரூமுக்குப் போகேக்கையும் கண்ணில படுற இடத்தில இருக்கவேணும். நான் 99ல வந்து பேஸ்மென்ட்டில இருக்கேக்க தமிழ்க் கடையில தந்த கலண்டர்த் தாளைத் திருப்பி பிரிட்ஜ் கதவில டேப்பால ஒட்டி ஏழு நாளுக்கும் கோடு கீறி, ஒவ்வொரு வேலையையும் ஒரு சின்னச் சீட்டில எழுதி அந்தந்த நாளில ஒட்டினனான், அதுதான் என்ர போர்ட்.

ஆனா முதல் மாசம் அதுவும் பிழைச்சது. ஏனெண்டா செய்யவேண்டியதை மட்டும் எழுதினன், நேரத்தை எண்ணேல்ல. எங்கட ஐயா உரும்பிராயில வெங்காயம் நடேக்க கிணத்துத் தண்ணி எத்தினை பரப்புக்கு இறைக்கக் காணுமெண்டு பாத்துத்தான் நடுவார், நிலம் கிடக்கெண்டு நடமாட்டார். அவற்ர பிள்ளை நான் இஞ்ச வந்து தண்ணியைப் பாக்காம நட்டனான்.

உம்மட டைம்டேபிள் எனக்குத் தெரியாது, சனி, ஞாயிறு, புதன் எட்டு எட்டு மணித்தியாலம் வேலை, திங்கள், செவ்வாய், வியாழன் வகுப்பு எண்டு வைப்பம். வெள்ளி இரவுக்குள்ள எல்லாம் குடுக்கவேணுமெண்டா கிழமையைச் சனியில தொடங்கும், வெள்ளிக்குப் பிறகு வாற நேரம் ஒண்டுக்கும் உதவாது. வேலை நாளில வீட்ட வந்து சாப்பிட்டு உருப்படியாப் படிக்க ஒரு மணித்தியாலம், அவ்வளவுதான், நாலு எண்டு எழுதினா அது பொய். வகுப்பு நாளில ரெண்டு. வெள்ளி அஞ்சு. கூட்டினா 14. இனி வேலையைப் பாரும், ரிப்போர்ட் 8, டெஸ்ட்டுக்குப் படிக்க 5, பிரசன்டேஷன் 4, லாப் 3, எல்லாமா 20. ஆறு மணித்தியாலம் குறையுது. இது சோம்பலில்லை, கணக்கு. நித்திரையை வெட்டி நிரப்பினா புதன்கிழமை விழுந்துபோவீர்.

அப்ப என்ன செய்யிறது? சனி வேலைக்கு லீவு கேளும், ஒண்டு அஞ்சாகும், மொத்தம் 18. லாப் ரிப்போர்ட் சின்ன மார்க்குத்தானெண்டா ஒரு மணித்தியாலத்தில முடியும், 20 பதினெட்டாகும். ரிப்போர்ட்டில மூண்டு மணித்தியாலத்தை இந்த வெள்ளியே செய்தா வாற கிழமைக்கு 15தான். மிச்சம் மூண்டு மணித்தியாலத்தில ஒண்டும் ஒட்டாதையும், பஸ் பிந்தும், லாப்டொப் அப்டேட் ஆகும், குரூப்பில ஒருத்தன் தன்ர பங்கை அனுப்பமாட்டான்.

சீட்டில "ரிப்போர்ட்" எண்டு எழுதாதையும், அதைக் கண்டாலே பயம் வரும், "அட்டவணை போடுறது, 1 மணி" எண்டு எழுதும். "இண்டைக்கு" எண்ட இடத்தில ரெண்டு சீட்டுக்கு மேல வேண்டாம். மற்றவனிட்டயிருந்து வரவேண்டியதுக்கு "காத்திருக்கு" எண்டு ஒரு பக்கம் வையும், இல்லாட்டி நீர் முடிச்சதா நினைச்சுக்கொண்டிருப்பீர். முடிஞ்ச சீட்டில உண்மையா எடுத்த நேரத்தையும் எழுதும். நான் நாலெண்டு நினைச்சது ஏழு எடுக்கும், இங்கிலிஷில எழுதிறதால. மூண்டு கிழமையில உம்மட கணக்கு உமக்கே விளங்கும். ஒரு சீட்டு மூண்டு நாள் இடம் மாறினா அது பெரிசு, உடையும், இல்லாட்டி செய்யத் தெரியாம ஒளிச்சு நிக்கிறீர், ரீச்சரிட்டப் போய்க் கேளும்.

ரீச்சரிட்டக் கேட்க எங்கட பொடியளுக்கு வெக்கம். முதலே கேட்டா பலர் ரெண்டு நாள் தருவினம், வெள்ளி இரவு பதினொண்டரைக்குக் கேட்டா தரமாட்டினம்.

இன்னொண்டு, உந்த "நான் ரெண்டு வேலை செய்துகொண்டே படிச்சனான்" எண்டு கலியாண வீட்டில கதைக்கிறவையை நம்பாதையும், எத்தினை பாடம் திருப்பி எடுத்தவையெண்டு சொல்லமாட்டினம். நான் சொல்லுறன், ஒண்டு. முதலாளி ஞாயிறு ஆளில்லை வாடா எண்டு போன் அடிக்க ஓமெண்டு போனன், திங்கள் குடுக்கவேண்டிய ரிப்போர்ட் பாதியில, அந்தப் பாடத்துக்கு திருப்பிக் காசு கட்டினதில அந்த ஞாயிறுச் சம்பளம் எத்தினை மடங்கு போச்சு. அண்டிரவு போன் கார்ட்டில அம்மாவோட கதைக்கேக்க "படிப்பு எப்பிடி" எண்டு கேட்டா, நல்லாப் போகுது எண்டன். பின்னால கலண்டர்த் தாளில அந்தச் சீட்டு அப்பிடியே ஒட்டிக்கிடந்தது. மற்றது, உமக்குக் கிழமைக்கு 24 மணித்தியாலத்துக்கு மேல வேலை செய்ய விடமாட்டாங்கள், கையில காசு தாறன் எண்டு ஆரும் சொன்னாலும் போகாதையும், விசாவில வந்து விடியும்.

சனி லீவை இண்டைக்கே கேளும். வெள்ளி பின்னேரம் கேட்டா ஆரும் தரமாட்டான்.