மருத்துவர் பதில்: புள்ளி தொலைந்த சொட்டு மருந்து

கேள்வி: என் மகளுக்கு ஐந்து மாதம், எடை 6 கிலோ. சளிக் காய்ச்சலுக்கு டாக்டர் பாராசிட்டமால் டிராப்ஸ் எழுதினார். சீட்டில் ".6 மி.லி." மாதிரி இருந்தது. மெடிக்கலில் பாட்டில் மேல் "6 மி.லி., ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை" என்று எழுதித் தந்தார்கள். டிராப்பரை ஆறு தடவை நிரப்ப வேண்டியிருந்ததால் சந்தேகப்பட்டு, கொடுக்காமல் போன் செய்து கேட்டோம். 0.6தானாம். போன மாதம் வேறு டாக்டர் 0.8 சொன்னார், இதில் எது சரி? பாராசிட்டமாலே கல்லீரலைக் கெடுக்கும் என்று இணையத்தில் படித்ததிலிருந்து தூக்கமில்லை. அந்த 6 மி.லி.யைக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

பதில்: முதலில் 0.6, 0.8 பஞ்சாயத்தை முடித்துவிடுவோம். பாராசிட்டமால் ஒரு வேளைக்கு, கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். உங்கள் குழந்தைக்கு 60 முதல் 90 மில்லிகிராம் வரை. நம் ஊர் டிராப்ஸில் பெரும்பாலும் 1 மில்லி லிட்டரில் 100 மில்லிகிராம் இருக்கும். ஆகவே 0.6ம் சரி, 0.8ம் சரி. இரண்டு டாக்டர்களில் ஒருவர் தப்பு என்று நினைக்க வேண்டாம். சரியான அளவில் இரண்டு மூன்று நாள் கொடுத்தால் கல்லீரல் கெட்டுப்போகாது. இணையத்தில் அந்த வரியை எழுதியவர் அளவு என்ற சொல்லையே விட்டுவிட்டிருப்பார். அந்தப் பக்கத்தை மூடிவிட்டுத் தூங்குங்கள்.

இனி நீங்கள் பயப்பட வேண்டிய விஷயத்துக்கு வருவோம். 6 மி.லி. என்றால் 600 மில்லிகிராம். 6 கிலோ குழந்தைக்கு அது கிலோவுக்கு 100. ஒரே வேளையில் கிலோவுக்கு 150ஐத் தாண்டினால் கல்லீரல் பாதிப்பு வரலாம் என்று பொதுவாகக் கணக்கு வைத்திருக்கிறோம். அந்த ஒரு வேளை எல்லைக்கு உள்ளேதான் நின்றிருக்கும். ஆனால் பாட்டிலில் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை என்று எழுதியிருக்கிறதே! இரண்டாவது வேளையோடு மொத்தம் கிலோவுக்கு 200 ஆகிவிடும். காய்ச்சல் குறைகிறது, மருந்து நன்றாக வேலை செய்கிறது என்று நீங்கள் மகிழ்ச்சியாகக் கொடுத்துக்கொண்டே இருந்திருப்பீர்கள். இந்த மருந்தில் அதுதான் பொல்லாத குணம். அளவு மீறிய குழந்தை முதல் நாள் சிரித்து விளையாடும், பால் குடிக்கும், அதிகம் போனால் ஒருமுறை வாந்தி எடுக்கும். கல்லீரல் கெட்டது தெரிய வருவது பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் நாளில்.

அதனால், அளவு கூடிவிட்டது என்று தெரிந்தால் "பாப்பா நல்லாத்தானே இருக்கு" என்று காத்திருக்கவே கூடாது. பாட்டிலையும் சீட்டையும் எடுத்துக்கொண்டு, எப்போது எவ்வளவு கொடுத்தீர்கள் என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு, குழந்தைகள் பிரிவு உள்ள மருத்துவமனைக்கு உடனே போக வேண்டும். விரல் விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர் புகட்டுவது அதைவிட மோசம். அசிட்டைல்சிஸ்டீன் என்ற முறிமருந்து இருக்கிறது. எட்டு மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால் மிக நன்றாகக் காப்பாற்றும். அந்த நேரத்தைக் கூகுளில் தேடியே கரைத்துவிடுகிறவர்கள் மேல் எனக்கு வரும் கோபத்தை இங்கே எழுத முடியாது.

சரி, இவ்வளவு பெரிய பிழை எப்படிக் கண்ணில் படாமல் போகிறது? சீட்டில் புள்ளிக்கு முன்னால் பூஜ்யம் இல்லை. கோடு போட்ட தாளில், அதுவும் போனில் எடுத்து அனுப்பிய படத்தில், தனியாக நிற்கும் புள்ளி கோட்டோடு கரைந்துவிடும். 0.6 என்று எழுதியிருந்தால் புள்ளி அழிந்தாலும் "06" என்று நின்று யாரையாவது யோசிக்க வைக்கும். இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு: 5 என்று எழுத வேண்டியதை 5.0 என்று எழுதினால், புள்ளி மறைந்ததும் அது 50. முன்னால் பூஜ்யம் கட்டாயம் வேண்டும், பின்னால் பூஜ்யம் கூடவே கூடாது என்பது மருந்து எழுதுவதில் பழைய விதி. அவசரத்தில் பல டாக்டர்கள் அதை மதிப்பதில்லை.

இன்னொரு காரணம் இதைவிட முக்கியம். 60 கிலோ ஆளுக்குப் பத்து மடங்கு மருந்து கொடுக்க வேண்டுமானால் பத்து மாத்திரை விழுங்க வேண்டும். கைக்குழந்தைகூட ஏதோ தப்பு என்று சொல்லிவிடும். 6 கிலோ குழந்தைக்குப் பத்து மடங்கு என்பது பெரியவர் ஒருவரின் சாதாரண அளவு. 600 மில்லிகிராம் என்றால் நீங்கள் தலைவலிக்குப் போடும் 500க்கும் 650க்கும் நடுவில். கடைக்காரர் நாள் முழுக்கப் பார்க்கிற எண்தான் அது. வார்டில் ஊசி மருந்திலும் இதே கதைதான்: பெரியவர்களுக்கான ஒரு ஆம்பியூலிலேயே குழந்தையின் பத்து வேளை மருந்து இருக்கலாம், அதனால் இரண்டாவதை உடைக்கும்போது வரும் சந்தேகம் வராமலே போய்விடும்.

ஆகவே மி.லி.யை மட்டும் பார்த்துச் சரி, தப்பு சொல்லாதீர்கள். அதை மில்லிகிராமாக மாற்றிப் பாருங்கள். பாட்டிலில் 1 மி.லி.க்கு எவ்வளவு என்று அச்சிட்டிருக்கும், கொடுக்கப்போகும் மி.லி.யால் பெருக்குங்கள். வருகிற எண் உங்கள் மாத்திரையின் அளவுக்குப் பக்கத்தில் இருந்தால், கைக்குழந்தைக்கு அது பெரும்பாலும் தப்பாகத்தான் இருக்கும். பாராசிட்டமாலுக்கு மேலே சொன்ன 10 முதல் 15 கணக்கை நீங்களே போடலாம். மற்ற மருந்துகளுக்கு அந்த எண்ணை இணையத்தில் தேடாதீர்கள், எழுதிய டாக்டரிடம் "கிலோவுக்கு எவ்வளவு கணக்கில் எழுதினீர்கள்" என்று கேளுங்கள். முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

நீங்கள் பிடித்த அந்த டிராப்பர் அடையாளம் ரொம்ப நல்ல அடையாளம். டிராப்ஸோடு வருகிற டிராப்பர் பொதுவாக 1 மி.லி. வரைதான் கொள்ளும். ஒரு வேளைக்கு அதை மறுபடி மறுபடி நிரப்ப வேண்டியிருந்தால் கொடுக்காமல் போனை எடுங்கள். பாட்டில் தீரும் கணக்கும் அப்படித்தான்: 15 மி.லி. பாட்டில், ஆறு ஆறாக எடுத்தால் மூன்றாவது வேளைக்கே போதாது. கைக்குழந்தையின் காய்ச்சல் மருந்து ஒரே நாளில் தீராது.

புள்ளியை மட்டும் பார்த்தால் பிடிபடாத பிழை ஒன்றும் உண்டு. சிரப் இல்லை என்று கடையில் அதே பெயரில் டிராப்ஸைத் தருவார்கள். 5 மி.லி.க்கு 125 மில்லிகிராம் உள்ள சிரப்பில் 2.5 மி.லி. என்றால் 62.5 மில்லிகிராம், உங்கள் குழந்தைக்குச் சரியான அளவு. அதே 2.5 மி.லி.யை டிராப்ஸில் எடுத்தால் 250. புள்ளி சரியான இடத்தில் இருக்கும், மருந்து நான்கு மடங்கு போய்விடும். பாட்டிலை மாற்றித் தந்தால் பழைய மி.லி. செல்லாது, புதிதாகக் கேட்டு வாங்குங்கள். டிகாக்சின் போன்ற இதய மருந்து, வலிப்பு மருந்து சாப்பிடும் குழந்தைகளின் வீட்டில் இதில் இரட்டைக் கவனம் வேண்டும். அவற்றில் தப்புக்கு இடைவெளியே கிடையாது. வலிப்பு மருந்து பத்தில் ஒரு பங்காகக் குறைந்தாலும் ஆபத்துதான், வலிப்பு திரும்ப வரலாம்.

இப்போது செய்ய வேண்டியது: அந்தப் பாட்டில் மேல் உள்ள "6"ஐ மார்க்கரால் முழுசாக அடித்துவிட்டு, பக்கத்தில் "0.6 மி.லி. = 60 மி.கி." என்று எழுதி ஒட்டுங்கள். நீங்கள் வேலைக்குப் போன பிறகு மருந்து கொடுப்பது பாட்டியாக இருந்தால், டிராப்பரில் 0.6 கோட்டை அவருக்குக் காட்டிவிடுங்கள். கடையிலும் போய்ச் சொல்லுங்கள். அதே சீட்டு எழுத்தோடு நாளை வேறொரு குழந்தை அங்கே வரும்.