ஒரு நீளக் கட்டுரை, பல வாசகர்: சுங்கை சிப்புட் கேள்வி பதில்

நாளிதழின் ஞாயிறு பதிப்பில் பல காலம் உதவியாசிரியராக இருந்த ஐயா பதில் சொல்கிறார்.

இளைஞர்: ஐயா, ரப்பர் தோட்டத் துண்டாடல் பற்றி 2,000 சொல்லில் எழுதி, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான்காகப் பிரித்துப் போடலாமா?

தோட்டத்தை ஏக்கர் கணக்கில் துண்டாடியது போலக் கட்டுரையையும் வெட்டினால், இரண்டாம் துண்டைப் படிப்பவருக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது. வெட்டாதீர்கள் தம்பி, பொறுக்கி எடுங்கள்.

கட்டுரையை அச்செடுத்துப் பென்சிலோடு உட்காருங்கள். முந்தைய பத்தி இல்லாமலே புரியும் இடங்களுக்கு மட்டும் கோடு போடுங்கள். உங்கள் கட்டுரையில் எனக்குத் தெரிந்தவை நான்கு: தோட்டம் கைமாறிய கதை, கூட்டுறவுச் சங்கம் பிறந்தது, பாட்டியின் பிரட்டு நேர நினைவு, ஆயாக் கொட்டகை. கோடு போட்ட ஒவ்வொன்றுக்கும் எதிரில், இதை யார் படிப்பார் என்று எழுதுங்கள். ஆள் கிடைக்காததை விட்டுவிடுங்கள். குடும்பக் குழுவுக்கு நான் எழுதினால் இப்படி இருக்கும்:

> *உங்கள் பாட்டி எந்தத் தோட்டத்தில் பால் வெட்டினார்?*
> 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக விற்றார்கள். லயத்தில் இருந்த பலருக்கு வேலையும் போனது, வீடும் போனது. 1960-இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் தொழிலாளர்களே பங்கு சேர்ந்து தோட்டம் வாங்கினார்கள். உங்கள் வீட்டில் பழைய பங்குப் பத்திரம் இருக்கிறதா? படம் அனுப்புங்கள், ஐசி எண்ணை மறைத்துவிட்டு.

முதல் வரியின் இரு பக்கமும் உள்ள நட்சத்திரக் குறி வாட்ஸ்அப்பில் அந்த வரியைத் தடிப்பாக்கும். நீளச் செய்தியை அது பாதியில் மடித்துவிடுகிறது. மடிப்பைத் திறக்காதவரும் கேள்வியைப் பார்த்துவிட வேண்டும். பாட்டியின் நினைவு இதில் இல்லை, கவனித்தீர்களா? அது தனிப் பதிவு.

கோயில் பொருளாளர்: என் தலபுராணக் கட்டுரையைப் பெயரை மாற்றி நான்கு பத்திரிகைக்கு அனுப்பலாம் என்கிறீர்களா?

இல்லை அண்ணே, அது வேறு விவகாரம். ஒரே கட்டுரையை நான்கு ஆசிரியர்களுக்குச் சொல்லாமல் அனுப்பினால் பிறகு நால்வரும் உங்கள் எழுத்தைத் தொட மாட்டார்கள். நாம் பேசுவது, எழுதியவர் பெயரோடு வாசகருக்கேற்பப் புதிதாக எழுதுவதை.

முகநூலில் எழுதுபவர்: முதல் பத்தியை அப்படியே போட்டு, கீழே லிங்க் கொடுத்தால் போதும். நான் அப்படித்தான் செய்கிறேன்.

செய்தி என்றால் போதும், சாரமெல்லாம் முதல் பத்தியிலேயே இருக்கும். கட்டுரையின் முதல் பத்தி பெரும்பாலும் தொண்டையைக் கனைத்துக்கொள்வதுதான். சாறு மூன்றாம் நான்காம் பத்தியில் கிடக்கும். அப்புறம், இன்ஸ்டாகிராமில் படத்துக்குக் கீழே எழுதும் லிங்கைத் தொட்டால் திறக்காது. அங்கே போடுவது தன்னளவில் முழுசாக இருக்க வேண்டும்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியை: ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு இதே கட்டுரையிலிருந்து என்ன தரலாம்?

ஒரே ஆள், ஒரே காலைப்பொழுது, டீச்சர். துண்டாடலின் பொருளாதாரம் வேண்டாம். இருட்டோடு எழுந்து பிரட்டுக்கு ஓடும் பாட்டி, கைப்பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விடுகிறார். வெயில் ஏறினால் பால் சீக்கிரம் நின்றுவிடும், அதனால்தான் அவசரம். ஆறேழு வாக்கியம் போதும். செம்பனையை மட்டுமே பார்த்து வளரும் பிள்ளைக்குப் பிரட்டு என்றால் காலையில் பேர் கூப்பிடுவது என்று கதைக்குள்ளேயே சொல்லிவிடுங்கள்.

ஓய்வுபெற்ற கிராணி: என் மனைவிக்குக் கண் சரியில்லை, பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்க வராது. இவர்களுக்கு என்ன வழி?

அம்மாவுக்குக் குரல் பதிவு. ஒரு நிமிடத்துக்குத் தொண்ணூறு சொல் வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் மூச்சு வாங்கும். எழுதியதைப் படிக்காதீர்கள், பக்கத்தில் உட்கார்ந்து சொல்வதுபோலப் பேசுங்கள். ஆண்டுகளில் 1960 ஒன்று போதும்.

பேரப்பிள்ளைகள் விஷயத்தில் எனக்கே முடிவில்லை. ரோமன் எழுத்தில் தமிழ் எழுதினால் படிக்கிறார்கள், ஆனால் அதிலேயே நின்றுவிடுவார்களோ என்று தோன்றுகிறது. மலாயில் எழுதலாம் என்பவர்களும் உண்டு. இப்போதைக்குத் தமிழில் பேசும் குறுங்காணொளி, கீழே மலாய் வரி என்று சொல்லி வருகிறேன். டீச்சர் இதற்கு ஒப்பவில்லை.

இளைஞர்: ஒரு தகவல் தப்பு என்று பிறகு தெரிந்தால்?

அதுதான் இதில் பெரிய தலைவலி. கட்டுரையைத் திருத்தினால் துண்டுகள் திருந்தாது. எந்த வரி எந்தப் பதிவுக்குப் போனது, எந்தக் குழுவில் போட்டோம் என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். பிறர் கைக்குப் போய்விட்டதைத் திரும்ப வாங்க முடியாது. அதனால் ஒவ்வொரு பதிவின் அடியிலும் உங்கள் பெயரும் தேதியும் இருக்கட்டும். ‘போன வருடம்’ என்று எழுதாதீர்கள், ஆண்டையே எழுதுங்கள். அந்தப் பதிவு மூன்று வருடம் கழித்து யாருடைய போனிலாவது வந்து நிற்கும்.