திருப்பி அனுப்பிய கோரிக்கைக்குப் பழைய ஒப்புதல் செல்லுமா? ஒப்புதல் மென்பொருள் சோதனை குறித்த கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகள் எல்லாமே ஒப்புதல் கோரிக்கைகளைப் பற்றியவை. ஒவ்வொருவரும் ஒவ்வொரு மென்பொருளைச் சொல்லியிருந்தாலும் சிக்கல் ஒன்றுதான். அதனால் எல்லாப் பதில்களுக்கும் ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்கிறேன்: ஒரு நிறுவனத்தின் கொள்முதல் கோரிக்கை. ஊழியர் கோரிக்கை வைக்கிறார். துறைத் தலைவர் பார்க்கிறார், பிறகு கணக்குப் பிரிவு பார்க்கிறது. தொகை 50,000 ரூபாய்க்கு மேல் போனால் மட்டும் நிதி இயக்குநரிடம் போகிறது. வழியில் யார் வேண்டுமானாலும் விளக்கம் கேட்டுத் திருப்பி அனுப்பலாம், நிராகரிக்கலாம். கோரிக்கை வைத்தவர் நடுவில் வாபஸ் வாங்கலாம். யாராவது காலம் கடத்தினால் அது தானாக மேலிடத்துக்குப் போகும்.

நாற்பது டெஸ்ட் கேஸ் எழுதிவிட்டோம். எல்லாவற்றையும் பார்த்துவிட்டோமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நாற்பதும் திரைகளைப் பார்த்து எழுதப்பட்டவை என்று நினைக்கிறேன். திரையை மறந்துவிட்டு ஒரு தாளில் அட்டவணை போடுங்கள். கோரிக்கை இருக்கக்கூடிய நிலைகள் எட்டு: வரைவு, துறைத் தலைவரிடம், கணக்கில், இயக்குநரிடம், திருப்பப்பட்டது, ஒப்புதலானது, நிராகரிக்கப்பட்டது, வாபஸ். மனிதர்கள் செய்யும் செயல்கள் ஐந்து: சமர்ப்பித்தல், ஒப்புதல், திருப்புதல், நிராகரித்தல், வாபஸ். பொறுப்புகள் நான்கு. எட்டு, ஐந்து, நான்கு: மொத்தம் 160 கட்டங்கள்.

இவற்றில் அனுமதிக்கப்பட்டவை எத்தனை? சமர்ப்பித்தல் இரண்டு இடங்களில் நடக்கும். வரைவிலிருந்து ஒன்று, திருப்பப்பட்ட பிறகு ஒன்று. மூன்று மேசைகளிலும் அந்தந்த மேசைக்காரருக்கு மூன்று செயல்கள், ஆக ஒன்பது. வாபஸ் நான்கு இடங்களில்: மூன்று மேசைகளில் எங்கிருந்தாலும் வாங்கலாம், திருப்பப்பட்ட நிலையிலும் வாங்கலாம். (வரைவை வாபஸ் வாங்க வேண்டியதில்லை, அழித்துவிட்டால் போதும்.) கூட்டினால் பதினைந்து. மீதி 145 கட்டங்களிலும் மென்பொருள் “முடியாது” என்று சொல்ல வேண்டும். உங்கள் நாற்பதில் எத்தனை அந்த 145-ஐச் சேர்ந்தவை என்று எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் கைவிரல்கள் போதும்.

அந்த 145-ஐத் திரை வழியாகச் சோதிக்க முடியாது, ஏனென்றால் அங்கே பொத்தானே இருக்காது. பொத்தான் இல்லாதது வேறு, அனுமதி இல்லாதது வேறு. கணக்குப் பிரிவு ஊழியராக உள்ளே நுழைந்து, இன்னும் துறைத் தலைவர் மேசையில் இருக்கும் கோரிக்கைக்கு நேராக இதை அனுப்புங்கள்:

```
POST /requests/4107/approve
```

உரிமை இல்லாதவருக்கு 403, உரிமை இருந்தும் நிலை பொருந்தாவிட்டால் 409 என்று பதில் கொடுப்பது பரவலான வழக்கம். எண் எதுவாக இருந்தாலும் சரி, மறுத்த பிறகு தரவுத்தளத்தில் எதுவும் மாறவில்லை, யாருக்கும் மின்னஞ்சல் போகவில்லை என்பதைப் பாருங்கள். மறுப்புச் செய்தியைக் காட்டிவிட்டு, பின்னால் “உங்கள் கோரிக்கை ஏற்கப்பட்டது” என்று கடிதம் அனுப்பிய மென்பொருளை நான் பார்த்திருக்கிறேன். 145 கட்டங்களையும் கையால் எழுத வேண்டாம். அட்டவணையை ஒரு கோப்பாக வைத்து, ஒரு சிறு நிரல் அதைச் சுற்றி வந்தால் சில நிமிட வேலைதான்.

திருப்பி அனுப்புவதில் எதைச் சோதிப்பது? திருத்தி மறுபடி அனுப்பினால் போகிறது, அவ்வளவுதானே?

போகிறது, ஆனால் எங்கே போகிறது? நான் பார்த்தவற்றில் மோசமான பிழைகள் இங்கேதான் ஒளிந்திருந்தன.

ஒன்றை நடத்திப் பார்ப்போம். ஊழியர் 48,000 ரூபாய்க்கு ஒரு பிரிண்டர் கேட்கிறார். துறைத் தலைவர் ஒப்புதல் தருகிறார். கணக்குப் பிரிவு, “விலைப்புள்ளி ஒன்றுதான் இருக்கிறது, மூன்று வேண்டும்” என்று திருப்புகிறது. ஊழியர் விலைப்புள்ளிகளை இணைக்கும்போது, இன்னும் நல்ல மாடல் கண்ணில் படுகிறது. தொகையை 62,000 ஆக்கி மறுபடி சமர்ப்பிக்கிறார். பல மென்பொருள்கள், வேலை சீக்கிரம் முடியட்டும் என்று, திருப்பியவரிடமே நேராக அனுப்புகின்றன. கணக்கர் மூன்று விலைப்புள்ளிகளைப் பார்த்து ஒப்புதல் தருகிறார். இப்போது ஆவணம் சொல்கிறது: துறைத் தலைவர் 62,000-க்கு ஒப்புதல் தந்தார். அவர் பார்த்ததோ 48,000.

இதோடு நின்றால் நல்லது. கோரிக்கை முதலில் சமர்ப்பிக்கப்பட்டபோதே பாதையைக் கணித்துச் சேமித்துவிடும் மென்பொருளில், 48,000-க்கான பாதையில் இயக்குநரே கிடையாது. அதனால் 62,000 ரூபாய்க் கோரிக்கை அவர் கண்ணில் படாமலே முடிந்துவிடும். வரம்பைத் தாண்ட விரும்பும் ஒருவருக்கு இதைவிட வசதியான வழி வேண்டியதில்லை: குறைந்த தொகைக்குப் போடு, ஏதாவது ஒரு தாளை விட்டுவிடு, திரும்பி வந்ததும் தொகையை ஏற்று.

ஆகவே சோதனைக்கு முன் ஒரு கேள்விக்கு விடை வாங்குங்கள்: எந்த விவரம் மாறினால் பழைய ஒப்புதல் செல்லாது? தொகை, விற்பனையாளர், செலவுக் கணக்குத் தலைப்பு ஆகியவை மாறினால் முதலிலிருந்து, இணைப்பு மட்டும் சேர்த்தால் திருப்பியவரிடமே என்பது நியாயமான விதி. உங்கள் நிறுவனம் வேறு விதியும் வைக்கலாம். விதியே இல்லை என்றால் அதையே முதல் பிழையாகப் பதிவு செய்யுங்கள். பிறகு மாறும் விவரம் ஒவ்வொன்றுக்கும் ஒரு சோதனை. தொகைக்கு 50,000 கச்சிதமாக, 50,001, அதோடு 62,000-லிருந்து 48,000-க்கு இறங்குவது. இறங்கும்போது இயக்குநரின் மேசையில் பழைய பணி அநாதையாகத் தொங்குகிறதா என்றும் பாருங்கள்.

இன்னொன்று, சுற்று. ஒரு முறை திருப்பினால் சரியாக இருப்பது இரண்டாம் முறை திருப்பினால் உடையும். இதற்காகத்தான் தனித்தனி மாற்றங்களைச் சோதிப்பதோடு நிற்காமல், அடுத்தடுத்து வரும் மாற்றங்களைத் தொடராகவும் சோதிக்கிறார்கள். நிலை மாற்றங்களை வைத்து மென்பொருளைச் சோதிக்கும் இந்த முறைக்கு 1978-இல் ட்சூன் சௌ எழுதிய கட்டுரையை இன்றும் அடிப்படையாகக் காட்டுவார்கள். நமக்கு வேண்டிய தொடர்கள் சில: கணக்கு திருப்பி, மறுபடி வந்ததைத் துறைத் தலைவர் திருப்பியது; திருப்பி, மறுபடி வந்து, நிராகரித்தது; திருப்பியதும் வாபஸ்.

ஒருவர் வாபஸ் வாங்கும் அதே நொடியில் இன்னொருவர் ஒப்புதல் தந்தால்? இதை எப்படிச் சோதிப்பது?

முதலில் எளிய வழி. ஒரு உலாவியில் கணக்கராக நுழைந்து கோரிக்கையைத் திறந்து வைத்துவிட்டுத் தேநீர் குடியுங்கள். இன்னொரு உலாவியில் ஊழியராக நுழைந்து வாபஸ் வாங்குங்கள். திரும்பி வந்து, கணக்கரின் பழைய திரையில் ஒப்புதல் பொத்தானை அழுத்துங்கள். அலுவலகத்தில் அன்றாடம் நடப்பது இதுதான். இதிலேயே விழும் மென்பொருள்கள் உண்டு.

அது தேறினால் உண்மையான மோதலுக்குப் போகலாம். இரண்டு நிரல் இழைகளை ஒரே கோட்டில் நிறுத்தி, ஒன்று வாபஸ், ஒன்று ஒப்புதல் என ஒரே சமயத்தில் அவிழ்த்துவிடுங்கள். ஒரு தடவை பார்த்துவிட்டு விடக்கூடாது. இருநூறு தடவை ஓட்டுங்கள். ஒவ்வொரு தடவையும் ஒருவர்தான் வெல்ல வேண்டும், தோற்றவருக்குத் தெளிவான செய்தி வர வேண்டும். நிரலாளர் இதை ஒழுங்காகச் செய்திருந்தால் உள்ளே இந்த மாதிரி ஒன்று இருக்கும்:

```
UPDATE requests
SET status = 'WITHDRAWN', version = 8
WHERE id = 4107
  AND status = 'PENDING_ACCOUNTS'
  AND version = 7;
```

எத்தனை வரிசைகள் மாறின என்ற விடை 0 என்றால் இன்னொருவர் முந்திக்கொண்டார் என்று பொருள். முதலில் நிலையைப் படித்து, சரி பார்த்து, பிறகு நிபந்தனை இல்லாமல் எழுதும் நிரலில் இரண்டு பேரும் வெல்வார்கள்.

நிலையை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்தி அடைய வேண்டாம். துறைத் தலைவர் ஒப்புதல் தந்தபோது பட்ஜெட்டில் 48,000 ஒதுக்கப்பட்டிருந்தால், வாபஸுக்குப் பிறகு அது விடுவிக்கப்பட்டதா? கோரிக்கை “வாபஸ்” என்று அழகாகக் காட்டிக்கொண்டிருக்கும். பணம் மட்டும் நிதியாண்டு முடியும்வரை முடங்கிக் கிடக்கும்.

இரண்டு வேலை நாட்களில் பார்க்காவிட்டால் மேலிடத்துக்குப் போக வேண்டும். சோதனைக்காக இரண்டு நாட்களை இரண்டு நிமிடம் ஆக்கிக்கொள்கிறோம். சரிதானா?

பாதி சரி. மேலே போகிறது என்பது தெரியும், எப்போது போகிறது என்பது தெரியாது. இரண்டு நிமிடத்துக்குள் சனிக்கிழமை வராதே! மென்பொருள் நேரம் கேட்கும் கடிகாரத்தையே மாற்றித் தரும் வசதியை நிரலாளர்களிடம் கேளுங்கள்.

வேலை நேரம் காலை 9.30 முதல் மாலை 5.30, சனி ஞாயிறு விடுமுறை என்று வைத்துக்கொள்வோம். வெள்ளி மாலை 4.30-க்கு வந்த கோரிக்கைக்கு வெள்ளியன்று 1 மணி, திங்களன்று 8, செவ்வாயன்று 7. ஆக 16 மணி நேரம் செவ்வாய் மாலை 4.30-க்கு முடிகிறது. 4.29-க்குப் போகக்கூடாது, 4.31-க்குப் போயிருக்க வேண்டும். திங்கள் அரசு விடுமுறையானால் புதன் 4.30. சர்வர் யூ.டி.சி. நேரத்தில் ஓடினால் இன்னொரு சோதனை: சனி அதிகாலை 2 மணிக்கு ஒருவர் சமர்ப்பிக்கிறார். சர்வருக்கு அது இன்னும் வெள்ளி இரவு 8.30. அது வெள்ளிக் கணக்கில் சேர்கிறதா, திங்கள் காலையிலிருந்து எண்ணப்படுகிறதா?

எனக்கே வலித்த ஒரு அனுபவம். துறைத் தலைவர் நேரத்துக்குள்ளேயே திருப்பிவிட்டார். கோரிக்கை ஊழியரிடம் இருக்கிறது. ஆனால் பழைய கடிகாரத்தை யாரும் நிறுத்தவில்லை. அது செவ்வாயன்று மணியடித்து, திருத்தப்படாத கோரிக்கையை இயக்குநரின் மேசைக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. இயக்குநர் ஒப்புதலும் தந்துவிட்டார். ஆகவே திருப்புதல், நிராகரித்தல், வாபஸ், ஒப்புதல் நான்கிலும் கடிகாரம் சாகிறதா என்று பாருங்கள்.

மேலே போன பிறகு துறைத் தலைவரின் உரிமை போய்விடுமா, அல்லது இருவரில் யார் முந்துகிறாரோ அவர் முடிக்கலாமா? இரண்டுமே செல்லும் வடிவமைப்புகள்தான். இரண்டாவதாக இருந்தால் முந்தைய கேள்வியில் சொன்ன மோதல் சோதனையை இவர்கள் இருவருக்கும் நடத்துங்கள்.

துறைத் தலைவரே கோரிக்கை வைத்தால்?

தன் கோரிக்கைக்குத் தானே ஒப்புதல் தர முடியக்கூடாது. மேலே தள்ளி வந்தாலும், விடுப்பில் போன ஒருவர் தன் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்திருந்தாலும் அதே விதிதான்; ஒப்படைப்பு வழியை எல்லோரும் மறக்கிறார்கள். எல்லாப் பொறுப்பும் உள்ள ஒரே நிர்வாகிக் கணக்கை வைத்துச் சோதித்தால் இந்தப் பிழைகள் கண்ணில் படாது. பொறுப்புக்கு ஒரு கணக்கு, இரட்டைப் பொறுப்புக்கு ஒன்று, அதே பொறுப்பில் வேறு துறைக்காரர் ஒருவர்: இவையாவது வேண்டும்.

வரலாற்றுப் பதிவில் என்ன பார்க்க வேண்டும்?

பிரிண்டர் கோரிக்கையை முடித்துவிட்டு, வரலாற்றை மட்டும் அச்செடுத்து, அந்தக் கோரிக்கையைப் பார்க்காத ஒரு சக ஊழியரிடம் கொடுங்கள். துறைத் தலைவர் எந்தத் தொகைக்குக் கையெழுத்திட்டார் என்று கேளுங்கள். அவர் 62,000 என்று சொன்னால், பதிவு கோரிக்கையின் இன்றைய தொகையைத்தான் காட்டுகிறது, அன்று இருந்ததை அல்ல.