டபுள் ஏஜென்ட் யார் பக்கம்னு பழக்கத்துல காட்டுறது

ஸ்பை த்ரில்லர் எழுதுறேன், என் டபுள் ஏஜென்ட் உண்மையில யார் பக்கம்னு வசனமே இல்லாம எப்படி காட்டுறது?

அவன் எந்த சந்திப்புக்குப் போறப்ப அதிகமா பயப்படுறான்னு பாருங்க, அங்கதான் விசுவாசம் இருக்கு. ஆளைப் பாக்கப் போற உளவாளி நேரா போகமாட்டான், பஸ் மாறி, கடையில நுழைஞ்சு, ஒரே முகம் ரெண்டு இடத்துல தெரியுதான்னு செக் பண்ணிட்டுதான் போவான். உங்காளு ஏ பக்க ஆளைப் பாக்க மூணு மணி நேரம் சுத்துறான், லேசா சந்தேகம் வந்தாலும் கேன்சல் பண்ணிடுறான். பி பக்கத்துக்கு இருபதே நிமிஷம், பின்னாடி அதே சிவப்பு கார் வந்தும் போறான், ஏன்னா அந்த ஆள் மாட்டினா அவனுக்குக் கவலையில்ல. முதல் தடவை பி பக்கம் போறப்ப காட்டுற இந்த அலட்சியத்தை வெறும் அசதி மாதிரி எழுதுங்க, கதைசொல்லி வாயத் திறந்து விளக்கினா போச்சு.