வண்டி ஓட்டும் பாட வீடியோவில் கண்ணாடியும் குரலும்

கேள்வி: புதுசா ஓட்டுறவங்களுக்கு வீடியோ எடுக்கேன். கேமராவை டேஷ்போர்டு நடுவுல வச்சா கண்ணாடியில பின்னால வர்ற வண்டியே தெரியல. எங்க வைக்கணும்?

கண்ணாடி உங்கள் கண்ணுக்குத் திருப்பி வைத்தது. கேமரா ஒரு அடி இடதுபுறம் தள்ளிப்போனாலே வலது கண்ணாடியில் ரோட்டுக்குப் பதில் எதிர்ப்பக்க வயல்தான் விழும். கேமராவுக்காகக் கண்ணாடியைத் திருப்பிவிடாதீர்கள், ஓட்டுகிறவர் குருடாகிவிடுவார். நெற்றிப் பட்டையில் கேமராவை மாட்டுங்கள். படம் கொஞ்சம் ஆடும். ஆனால் தலை எப்போது எந்தக் கண்ணாடிக்குத் திரும்புகிறது என்பதும் பதிவாகும். பாடமே அதுதானே.

குரல்தான் பெரும்பாலும் சொதப்பும். பாளையங்கோட்டையில் 30 கி.மீ. வேகத்தில் போய் இடது சந்தில் திரும்புகிறீர்கள் என்று வையுங்கள். வண்டி நொடிக்கு எட்டு மீட்டருக்கு மேல் ஓடும். வளைவில் வந்து "இடது கண்ணாடி" என்று சொன்னால், இடுக்கில் நுழைந்த பைக்காரரை அப்போதுதான் பார்ப்பார்கள். நான்கு நொடி முன்பே, முப்பது மீட்டருக்கு முன்னால், "இடது கண்ணாடி, இண்டிகேட்டர், பிரேக்" என்று ஆரம்பியுங்கள், திருப்பும் முன் "இடது தோளுக்குப் பின்னால் பார்." வீட்டில் டப்பிங் செய்தால் படத்தைப் பார்த்தபிறகே வாய் திறக்கும், குரல் பிந்திவிடும். எடிட்டிங்கில் அதை முன்னே நகர்த்துங்கள்.