பொடியும் ஊறுகாயும் வாட்ஸ்அப்பில் விற்கிறவர்களுக்கு: கேள்வி பதில்

ஈரோடு: அக்கா, கேட்லாக்கில் 14 ஐட்டம் போட்டிருக்கேன். அப்படியும் "பருப்புப் பொடி அரைக் கிலோ எவ்ளோ?"ன்னு கேக்கறவங்களுக்குப் பதில் சொல்லியே பொழுது போகுது.

எடையை விளக்கத்துக்குள் எழுதியிருப்பீர்கள். பட்டியலைத் தள்ளிப் பார்க்கிறவர் கண்ணில் முதலில் படுவது படம், பெயர், விலைதான். விளக்கத்தைத் திறந்து படிக்கிறவர்கள் குறைவு. எடைக்கு ஒரு ஐட்டமாகப் பிரித்துவிடுங்கள். பெயரே "பருப்புப் பொடி 200 கிராம்", "பருப்புப் பொடி 400 கிராம்" என்று இருக்கட்டும். அவர் கார்ட்டில் போட்டு அனுப்பினால் எடை குழப்பம் இல்லாமல் உங்களுக்கு வந்து சேரும்.

கார்ட்டில் காட்டும் மொத்தத்தில் கூரியர் சேராது. சண்டை வருவது அங்கேதான். "240 ரூபாய்னு காட்டுச்சே, இப்ப 300 கேக்கறீங்களே" என்பார்கள். குவிக் ரிப்ளையில் இதை ஒருமுறை பதிந்து வையுங்கள்: "ஆர்டர் கிடைத்தது. பொருள் ___, கூரியர் ___, மொத்தம் ___. முழு முகவரி, பின்கோடு, போன் நம்பர் அனுப்புங்கள்." சாட்டில் "/" தட்டினால் அது வந்து நிற்கும், எண்ணை மட்டும் நிரப்பி அனுப்பலாம். பணம் கேட்பதற்கு முன்னால் இது போயாக வேண்டும்.

மதுரை: பிராட்காஸ்ட்ல 256 பேருக்கு மேல போகாது. அதனாலதான் என் மெசேஜ் பாதிப் பேருக்குப் போகல. சரிதானே?

256 என்ற கணக்கு சரி, ஒரு லிஸ்ட்டுக்கு அவ்வளவுதான். ஆனால் உங்கள் லிஸ்ட்டில் 180 பேர் இருந்தாலும் பாதிப் பேருக்குப் போயிருக்காது. உங்கள் நம்பரைத் தன் போனில் சேமித்து வைத்தவருக்குத்தான் பிராட்காஸ்ட் போய்ச் சேரும். நீங்கள் அவர் நம்பரைச் சேமித்தது மட்டும் போதாது. பார்சலுக்குள் ஒரு சின்னச் சீட்டு வையுங்கள்: "புதுச் சரக்கு வந்தால் தெரிய, இந்த நம்பரை 'பொடி அக்கா' என்று சேமித்துக்கொள்ளுங்கள்." எந்தப் பெயரில் சேமிப்பது என்று நாமே சொல்லிவிட்டால் அவர்களுக்கும் யோசனை இல்லை.

சேமிக்காதவர்களையும் எட்ட வேண்டும் என்று எங்கிருந்தோ நம்பர் வாங்கிக் குரூப்பில் இழுத்துப் போடாதீர்கள். நாலு பேர் ரிப்போர்ட் அடித்தால் நம்பரே முடங்கலாம். வாடிக்கையாளர் அத்தனை பேரும் அந்த நம்பரில்தான் இருக்கிறார்கள்.

திருச்சி: இட்லிப் பொடி 250 கிராம் ரெண்டு பாக்கெட், இதுதான் எனக்கு அதிகமா வர்ற ஆர்டர். லாபம் பூரா கூரியர்லயே போயிடுது. விலைய ஏத்தணுமா?

விலைக்கு முன்னால் பாக்கெட் அளவை மாற்றிப் பாருங்கள். கூரியரில் பெரும்பாலும் 500 கிராமுக்கு ஒரு படி. 500-ஐ ஒரு கிராம் தாண்டினாலும் அடுத்த படிக்குக் காசு. உங்கள் பொடியே 500 கிராம். இரண்டு ஜிப் பவுச் சேர்ந்து 16 கிராம் என்று வையுங்கள், சின்ன அட்டைப்பெட்டியும் டேப்பும் 65 கிராம். மொத்தம் 581. ஒவ்வொரு ஆர்டரிலும் ஒரு கிலோவுக்குக் கட்டணம் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

அதே பொடியை 200 கிராமாகப் போடுங்கள். 400, 16, 65 சேர்த்து 481, முதல் படிக்குள் அடங்கிவிடும். சமையலறைத் தராசில் ஒட்டி முடித்த பார்சலையே வைத்துப் பாருங்கள், வெறும் பொடியை அல்ல.

பெட்டியின் அளவும் உண்டு. பல தனியார் கூரியர்களில் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பார்கள். அதிலும் தராசு எடையிலும் எது அதிகமோ அதற்குத்தான் காசு. 25, 18, 12 அளவுள்ள பெட்டி 1.08 கிலோ ஆகிவிடும், உள்ளே 400 கிராம் பொடிதான் இருந்தாலும். 18, 12, 10 பெட்டி 0.432 கிலோ. இரண்டு பவுச்சும் அதில் தாராளமாக உட்காரும். வீட்டில் கிடக்கும் பழைய பெட்டியில் அனுப்புகிறவர்கள் நஷ்டப்படுவது இதனால்தான். வகுக்கும் எண் கம்பெனிக்குக் கம்பெனி மாறலாம், கேட்டுக்கொள்ளுங்கள்.

விருதுநகர்: எனக்கும் கூரியர்தாங்க பிரச்சினை. மாங்கா ஊறுகா பாட்டில் எண்ணெய் கசிஞ்சு, அட்டையெல்லாம் நனைஞ்சு போய்ச் சேருது.

இது வேறு பிரச்சினை, ஆனாலும் சொல்கிறேன். பாட்டிலைக் கழுத்துவரை நிரப்பியிருப்பீர்கள். லாரிச் சூட்டில் எண்ணெய் விரிந்து மூடியின் மரை வழியே ஏறும். மேலே ஒன்றரை சென்டிமீட்டர் இடம் விடுங்கள், ஊறுகாய்த் துண்டு மட்டும் எண்ணெய்க்கு மேலே தெரியக் கூடாது.

பவுச்சில் போடுவதாக இருந்தால், ஒட்டும் இடத்தில் எண்ணெய் படவே கூடாது. துடைத்தாலும் மெல்லிய பூச்சு நிற்கும், சூடு காட்டினால் ஒட்டியது போலத் தெரிந்து வழியில் விட்டுவிடும். அகல வாய்ப் புனலை ஒட்டும் கோட்டுக்குக் கீழே இறக்கி நிரப்புங்கள். ஒட்டியதும் செய்தித்தாள்மேல் படுக்கவைத்து, இரண்டு கிலோ அரிசிப் பையை மேலே வைத்து ஓர் இரவு விடுங்கள். காலையில் தாளில் எண்ணெய் வட்டம் தெரிந்தால் அந்தப் பவுச்சை அனுப்பாதீர்கள்.

கும்பகோணம்: ஆவாரம்பூ பொடி போட்டேன், "சர்க்கரைக்கு நல்லது"ன்னு எழுதினேன். ரெண்டு தடவை ரிஜெக்ட் ஆகிடுச்சு. போட்டோதான் காரணமா?

போட்டோ இல்லை, அந்த வரிதான் காரணமாக இருக்கும். மருந்து வகைப் பொருள்களை வாட்ஸ்அப்பின் விற்பனை விதி அனுமதிப்பதில்லை. நோயின் பெயர் வந்தாலே மருந்தாக எடுத்துக்கொள்ளப்படலாம். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. சர்க்கரை நோயைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. ஸ்டேட்டஸிலும் இன்ஸ்டா ரீலிலும் இருந்தால் அங்கேயும் எடுத்துவிடுங்கள். என்ன சேர்ந்திருக்கிறது, எத்தனை கிராம், எந்தத் தேதியில் அரைத்தது, உங்கள் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவின் 14 இலக்க எண், இவற்றை எழுதி மறுபடி அனுப்பிப் பாருங்கள். பொடியையே மருந்தாக நினைத்தால் மறுபடியும் மறுக்கலாம்.

ஓசூர்: 40 லட்சம் வரைக்கும் ஜி.எஸ்.டி. வேண்டாம். நான் தைரியமா பெங்களூருக்கு அனுப்பறேன்.

அந்த 40 லட்சம் தமிழ்நாட்டுக்குள் பொருள் விற்கிறவருக்கு. வரி உள்ள பொருளை வேறு மாநிலத்துக்கு விற்றால், கைவினைப் பொருள் போன்ற சில விலக்கு தவிர, விற்பனை எவ்வளவு குறைவாக இருந்தாலும் பதிவு வேண்டும். உங்களுக்குப் பெங்களூரு பக்கத்து ஊர், சட்டத்துக்கு அது வேறு மாநிலம். சிறு வியாபாரிகளுக்கான காம்போசிஷன் வரித் திட்டத்தில் சேர்ந்து சமாளிக்கலாம் என்றும் நினைக்காதீர்கள், அதில் வெளிமாநில விற்பனைக்கு இடமில்லை. ஒரு ஆடிட்டரைப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

சேலம்: ஜிபே ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினாங்க, பொருளை அனுப்பிட்டேன். பணம் வரவே இல்ல.

ஸ்க்ரீன்ஷாட் ஒரு படம்தான், யார் வேண்டுமானாலும் செய்யலாம். வங்கி ஆப்பைத் திறந்து, கணக்கில் வரவு வந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே பார்சலில் முகவரி எழுதுங்கள். "பணம் வந்தது" என்று எஸ்.எம்.எஸ். வந்தாலும் கணக்கைப் பாருங்கள், அதையும் போலியாக அனுப்புகிறார்கள். சந்தேகம் இருந்தால் அந்தப் பணப் பரிமாற்றத்தின் 12 இலக்க யு.டி.ஆர். எண்ணைக் கேட்டு உங்கள் கணக்கு விவரத்தோடு ஒப்பிடுங்கள். பணம் வாங்குவதற்கு உங்கள் யு.பி.ஐ. பின் நம்பரைப் போடச் சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துவிடுங்கள்.

திருப்பூர்: அப்போ சி.ஓ.டி. குடுத்துட்டா இந்தத் தொல்லையே இல்லையே? புது ஊர்ல அது இல்லாம முதல் ஆர்டரே வராது. நான் நைட்டிதான் விக்கிறேன்.

நைட்டிக்கு நீங்கள் சொல்வது சரியாக இருக்கலாம், திரும்பி வந்தாலும் மடித்து வைத்து விற்றுக்கொள்ளலாம். பொடி பத்து நாள் சுற்றிவிட்டு வந்தால் குப்பைக்குத்தான், போக வரக் கூரியர் காசும் நம்முடையது. கூரியர் தொகையை மட்டும் முன்பணமாக வாங்கிக்கொண்டு மீதியை சி.ஓ.டி.யில் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். விளையாட்டுக்கு ஆர்டர் போடுகிறவர்கள் அதில் விலகிவிடுவார்கள், கூடவே நல்ல வாடிக்கையாளர் சிலரும் விலகுவார்கள். உங்கள் ஊர்களில் எது அதிகம் என்று ஒரு மாதம் எழுதி வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.